75 பேரா, 120 பேரா: மனச்சோர்வு மருந்தாய்வில் இடைவிலகியவர்களை என்ன செய்வது?

கார்த்திகா, மார்ச் 3, காலை 9.10

எட்டு வார மனச்சோர்வு மருந்தாய்வு ஒன்றின் தரவை என் ஆய்வேட்டுக்காகப் பகுத்துக்கொண்டிருக்கிறேன். மருந்துக் குழுவில் 60 பேர், போலி மருந்துக் குழுவில் 60 பேர். 17 கூறுகள் கொண்ட ஹாமில்டன் அளவுகோலில் தொடக்கத்திலும், 2, 4, 6, 8 ஆகிய வாரங்களிலும் மதிப்பெண் எடுக்கப்பட்டிருக்கிறது. மதிப்பெண் கூடினால் மனச்சோர்வு கூடுதல் என்று பொருள். நான்காம் வாரம் வரை எல்லோரும் வந்தார்கள். அதன் பிறகு சரிவு தொடங்கியது. எட்டாம் வாரத்தில் மருந்துக் குழுவில் 45 பேரும் போலி மருந்துக் குழுவில் 30 பேரும் மட்டுமே எஞ்சியிருந்தார்கள்.

தொடர் அளவீட்டு அனோவா எட்டாம் வாரத்தில் இரு குழுக்களுக்கும் இடையே 2.0 புள்ளி வேறுபாடு காட்டுகிறது. அது புள்ளியியல் முக்கியத்துவத்தை எட்டவில்லை. கலப்பு மாதிரி அதே தரவில் 3.5 புள்ளி காட்டுகிறது, திட்டப்பிழை 1.3, முக்கியத்துவம் உண்டு. என் நெறியாளர் இரண்டாவது முடிவை ஏற்க மறுக்கிறார். "வராதவர்களின் மதிப்பெண்ணை மாதிரி தானே தயாரித்துக்கொள்கிறது, அதனால்தான் வேறுபாடு பெருகுகிறது" என்பது அவர் வாதம். இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. எதை நம்புவது?

அருள், மார்ச் 3, காலை 10.02

அனோவாவின் குறை கோளத்தன்மை என்னும் நிபந்தனையில்தான் இருக்கிறது. அடுத்தடுத்த வாரங்களின் மதிப்பெண்கள் நெருக்கமாகவும் தொலைவான வாரங்களின் மதிப்பெண்கள் தளர்வாகவும் தொடர்புற்றிருப்பதால் அந்த நிபந்தனை உடைகிறது. கிரீன்ஹவுஸ் கெய்சர் திருத்தத்தைப் போட்டுவிட்டால் அனோவா சரியாகிவிடும். கலப்பு மாதிரிக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

தமிழ்ச்செல்வி, மார்ச் 3, காலை 11.40

நானும் என் ஆய்வேட்டில் கலப்பு அனோவாதான் செய்தேன். 24 பேர், இரண்டு குழுக்கள், மூன்று அளவீடுகள். ஒருவரும் விலகவில்லை. குழு ஒரு காரணி, காலம் மற்றொரு காரணி என்று கொடுத்தேன். எந்தச் சிக்கலும் வரவில்லை. நீங்கள் இரண்டையும் ஏன் எதிரெதிராக நிறுத்துகிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

முத்துவேல், மார்ச் 3, மாலை 6.25

தமிழ்ச்செல்வி சொல்வது வேறொரு கலப்பு. குழுக்களுக்கு இடையிலான காரணியும் ஒரே ஆளுக்குள் மாறும் காரணியும் சேர்ந்த வடிவமைப்பைக் கலப்பு அனோவா என்பார்கள். கணக்கு முறையில் அது கார்த்திகாவின் முதல் முறையேதான். பெயர்ப் பொருத்தத்தால் இந்தக் குழப்பம் ஆய்வேடுகளில் அடிக்கடி நேர்கிறது. உங்கள் 24 பேரில் ஒருவர்கூட விலகாததால், எந்த முறையில் போட்டிருந்தாலும் குழுச் சராசரிகள் ஒன்றாகவே வந்திருக்கும். இரு முறைகளும் பிரியும் இடம் ஆட்கள் விலகும் இடம்தான்.

அருளுக்கு: கோளத்தன்மை பற்றிச் சொன்னது சரி, ஆனால் அது இங்கே கேட்கப்பட்ட கேள்விக்கு விடையாகாது. அந்தத் திருத்தம் சுதந்திரப் படிகளைக் குறைத்துப் பி மதிப்பைச் சரிசெய்யும். 2.0 என்ற வேறுபாட்டை அது தொடாது. அந்த 2.0 எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. கார்த்திகா, நீங்கள் பயன்படுத்திய மென்பொருள் ஒரு வருகையாவது தவறிய ஆளை முழுவதுமாக நீக்கிவிட்டுத்தான் அனோவாவைச் செய்திருக்கும். அதாவது 120 பேரில் 45 பேரின் தொடக்க, இரண்டாம் வார, நான்காம் வார மதிப்பெண்களும் குப்பைக்குப் போய்விட்டன. வெளியீட்டின் மேல்பகுதியில் எத்தனை பேர் என்று பாருங்கள்.

நெறியாளரின் ஐயத்துக்கு ஒரு கைக்கணக்கு போதும். அதற்கு எனக்குச் சில எண்கள் வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் நான்காம் வாரத்தில் எல்லோருடைய சராசரி, இறுதிவரை இருந்தவர்களின் நான்காம் வாரச் சராசரி, அவர்களின் எட்டாம் வாரச் சராசரி. கூடவே, இறுதிவரை இருந்தவர்களில் நான்காம் வார மதிப்பெண்ணைக் கொண்டு எட்டாம் வார மதிப்பெண்ணைக் கணிக்கும் ரெக்ரெஷன் சாய்வு.

கார்த்திகா, மார்ச் 3, இரவு 9.48

பார்த்தேன், 75 என்றுதான் இருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

மருந்துக் குழு: நான்காம் வாரத்தில் 60 பேரின் சராசரி 15.0. இறுதிவரை இருந்த 45 பேரின் நான்காம் வாரச் சராசரி 14.0, எட்டாம் வாரச் சராசரி 11.0.

போலி மருந்துக் குழு: நான்காம் வாரத்தில் 60 பேரின் சராசரி 18.0. இறுதிவரை இருந்த 30 பேரின் நான்காம் வாரச் சராசரி 15.0, எட்டாம் வாரச் சராசரி 13.0.

சாய்வு இரு குழுக்களிலும் ஏறத்தாழ 0.8.

முத்துவேல், மார்ச் 4, காலை 7.15

போலி மருந்துக் குழுவை முதலில் எடுத்துக்கொள்வோம். நான்காம் வாரத்தில் குழுவின் சராசரி 18. கடைசிவரை நின்றவர்கள் அன்றைக்கே 15-ல் இருந்தவர்கள். அதாவது ஏற்கெனவே தேறிக்கொண்டிருந்தவர்கள். விலகிய 30 பேரின் சராசரி அன்று 21. அனோவா எட்டாம் வாரத்துக்கு 13.0 என்று சொல்லும்போது, தேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டு அதைக் குழுவின் நிலை என்று சொல்கிறது.

நான்காம் வார மதிப்பெண்ணில் ஒரு புள்ளி கூடினால் எட்டாம் வாரத்தில் 0.8 புள்ளி கூடுகிறது என்று நின்றவர்களின் தரவே காட்டுகிறது. குழு முழுவதும் அவர்களைவிட 3 புள்ளி மேலே இருந்தது. ஆகவே குழுவின் எட்டாம் வாரச் சராசரி 13.0 + 0.8 × 3 = 15.4. மருந்துக் குழுவில் அந்த இடைவெளி 1 புள்ளிதான்: 11.0 + 0.8 × 1 = 11.8. வேறுபாடு 3.6. உங்கள் மாதிரி தொடக்க மதிப்பெண்ணையும் மற்ற வாரங்களையும் சேர்த்துக்கொண்டதால் 3.5 என்று வந்திருக்கிறது. மற்றபடி அது செய்வது இதே வேலைதான்.

எவருடைய மதிப்பெண்ணும் இங்கே தயாரிக்கப்படவில்லை. விலகியவர்கள் விலகும் முன் தந்துவிட்டுப் போன மதிப்பெண்களைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. உண்மையில் கற்பனை அதிகமாக இருப்பது அனோவாவில்தான். விலகிய 30 பேரும் நின்றவர்களைப் போன்றவர்களே, ஏதோ சீட்டுக் குலுக்கி வெளியேற்றப்பட்டார்கள் என்று அது சொல்லாமல் கொள்கிறது. 21-க்கும் 15-க்கும் உள்ள தூரத்தைப் பார்த்த பிறகு அதை நம்ப முடியுமா என்று உங்கள் நெறியாளரிடம் கேளுங்கள்.

நந்தன், மார்ச் 4, காலை 8.30

நான் மனநல மருத்துவன். கணக்கு எனக்குத் தொழில் அல்ல. நாங்கள் பழகிய முறை, கடைசியாக எடுத்த மதிப்பெண்ணை அப்படியே இறுதி வாரம்வரை கொண்டுபோவது. விலகியவர் மேலும் தேறவில்லை என்று கொள்வதால் அது மருந்துக்குச் சாதகமில்லாத, எச்சரிக்கையான முறை என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அதையே செய்தால் என்ன?

முத்துவேல், மார்ச் 4, காலை 8.55

இதே எண்களில் போட்டுப் பார்க்கலாம். போலி மருந்து: 30 பேர் 13.0-லும் 30 பேர் 21.0-லும் நின்றால் சராசரி 17.0. மருந்து: 45 பேர் 11.0, விலகிய 15 பேர் 18.0, சராசரி 12.75. வேறுபாடு 4.25. எச்சரிக்கையான முறை என்று நீங்கள் சொன்னது மூன்றிலும் பெரிய வேறுபாட்டைத் தருகிறது.

காரணம் எளிது. விலகல் இரு குழுக்களிலும் சமமாக இல்லை. போலி மருந்துக் குழுவில் பாதிப்பேரின் மதிப்பெண்ணை உயரத்தில் உறைய வைத்துவிட்டால், மருந்து தானாகவே சிறந்ததுபோல் தெரியும். போலி மருந்திலும் நாள்போக்கில் மதிப்பெண் இறங்கத்தான் செய்கிறது. நின்றவர்கள் 15-லிருந்து 13-க்கு வந்திருக்கிறார்கள். விலகல் மருந்துக் குழுவில் மிகுந்திருந்தால் இதே முறை மறுபக்கம் சாயும். ஆக, எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத முறையை எச்சரிக்கையானது என்று அழைக்க முடியாது.

நந்தன், மார்ச் 4, காலை 9.20

இருபது ஆண்டுப் பழக்கம் இருபது நிமிடத்தில் போயிற்று.

அருள், மார்ச் 4, மாலை 4.10

என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். கலப்பு மாதிரியே சரி. ஆனால் எளிதாகவே போடலாம். ஆளுக்கு ஒரு தற்செயல் வெட்டு, அதாவது அவருக்கென ஒரு பொது மட்டம், கொடுத்தால் போதும்:

```
lmer(score ~ arm * visit + (1 | id), data = d)
```

கார்த்திகா, மார்ச் 4, இரவு 10.05

அருள் சொன்னதை ஓட்டிப் பார்த்தேன். 3.5-க்குப் பதிலாக 3.0 வருகிறது. இப்போது இரண்டு கலப்பு மாதிரிகள், இரண்டு விடைகள். நெறியாளரிடம் இதைக் காட்டினால் என் கதி என்ன?

முத்துவேல், மார்ச் 5, காலை 6.50

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். கைக்கணக்கைத் திரும்பப் பாருங்கள். வேறுபாடு 2.0 கூட்டல் சாய்வின் இரு மடங்கு. ஏனென்றால் ஒரு குழுவில் 3 புள்ளியும் மற்றொன்றில் 1 புள்ளியும் திருத்தம் வருகிறது. சாய்வு 0.8 என்றால் 3.6. சாய்வை 0.5 என்று மாதிரி தவறாக எண்ணிக்கொண்டால் 3.0. விடை முழுவதும் அந்தச் சாய்வில் தொங்குகிறது, சாய்வு நீங்கள் கொடுக்கும் உடன்மாறுபாட்டு அமைப்பில், அதாவது வெவ்வேறு வாரங்களின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புற்றிருக்கின்றன என்று மாதிரிக்குச் சொல்வதில், தொங்குகிறது.

ஆளுக்கு ஒரு தற்செயல் வெட்டு மட்டும் கொடுத்தால், எந்த இரண்டு வாரங்களுக்கும் இடையே ஒட்டுறவு ஒன்றே, எல்லா வாரங்களிலும் பரவலும் ஒன்றே என்று சொல்லிவிடுகிறோம். அது பழைய அனோவாவின் நிபந்தனையே. வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. மனச்சோர்வு ஆய்வுகளில் இது பொருந்தாமல் போவதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. ஆய்வில் சேர ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் தேவைப்படுவதால் தொடக்கத்தில் எல்லோரும் ஒரு குறுகிய பட்டைக்குள் அடைந்து கிடப்பார்கள். பிறகு சிலர் தேறுவார்கள், சிலர் தேறமாட்டார்கள், பரவல் விரியும். தொடக்க மதிப்பெண்ணுக்கும் எட்டாம் வாரத்துக்கும் தொடர்பு மெலிந்தும், நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் தொடர்பு வலுத்தும் இருக்கும். தற்செயல் வெட்டு மாதிரிக்கு இந்த வேறுபாடு தெரியாது. விலகியவர் நான்காம் வாரத்தில் 21-ல் இருந்தார் என்ற செய்திக்கும், தொடக்கத்தில் மற்றவர்களைப் போலவே இருந்தார் என்ற செய்திக்கும் ஒரே எடை கொடுத்துவிடும்.

உங்கள் தரவில் ஒவ்வொரு வாரமும் திட்டவிலக்கம் என்ன?

கார்த்திகா, மார்ச் 5, காலை 7.30

சேர்க்கை நிபந்தனை 18 அல்லது அதற்கு மேல். தொடக்கத்தில் திட்டவிலக்கம் 3.1, நான்காம் வாரத்தில் 5.4, எட்டாம் வாரத்தில் 6.2.

முத்துவேல், மார்ச் 5, காலை 7.45

இரு மடங்கு விரிந்திருக்கிறது. அப்படியானால் வடிவம் எதையும் திணிக்காத உடன்மாறுபாட்டு அமைப்புதான் ஏற்றது. தொடக்க மதிப்பெண்ணை விளைவாக வைக்காமல் துணைமாறியாக வைத்து, அதிலிருந்து வந்த மாற்றமான chg-ஐ விளைவாக வைத்து, வருகையைக் காரணியாகக் கொடுத்து:

```
mmrm(chg ~ base * visit + arm * visit + us(visit | id),
     data = d, method = "Kenward-Roger")
```

நான்கு வருகைகளுக்கு 10 அளவுருக்கள். 120 பேருக்கு அது பாரமில்லை. 30 பேர் வைத்துக்கொண்டு எட்டு வருகைக்கு இதைக் கொடுத்தால் 36 அளவுருக்கள் வேண்டும். மாதிரி ஒருங்காமல் நின்றுவிடலாம். அப்போது அடுத்து எந்த அமைப்பு என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒருங்காத பிறகு, பிடித்த விடை வரும்வரை மாற்றிக்கொண்டே போவது வேறு வகைத் தவறு.

தமிழ்ச்செல்வி, மார்ச் 5, பிற்பகல் 1.15

என் கலப்பு வேறு, உங்கள் கலப்பு வேறு என்பது இப்போது தெளிவாயிற்று. ஒரு சின்ன ஐயம். என் தோழி R-ல் `aov` கொண்டு செய்கிறார். அவருக்கும் விலகல் உண்டு. ஆனால் ஆள் எவரையும் அது நீக்கியதாகத் தெரியவில்லை. அப்படியானால் அவருக்குச் சிக்கல் இல்லையா?

முத்துவேல், மார்ச் 5, பிற்பகல் 2.00

சிக்கல் கூடுதல். தரவு வருகைக்கு ஒரு வரிசையாக நீளவாக்கில் இருந்தால் `aov` இல்லாத வரிசைகளை மட்டும் விட்டுவிட்டு ஓசையின்றி ஓடிவிடும். ஆனால் பிழை அடுக்குகளைப் பிரிக்கும் கணக்கு எல்லோருக்கும் எல்லா வருகையும் உண்டு என்ற சமநிலையை நம்பி எழுதப்பட்டது. வெளியீட்டில் ஒரே விளைவு இரண்டு அடுக்குகளில் தோன்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தோன்றினால் அந்த அட்டவணையை நம்ப வேண்டாம்.

நந்தன், மார்ச் 6, காலை 7.05

இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முத்துவேலின் கணக்கு ஒன்றைச் சார்ந்திருக்கிறது: விலகியவரின் பிற்காலம் அவர் விலகும் முன் தந்த மதிப்பெண்ணால் விளங்கிவிடும் என்பது. முன்னேற்றம் இல்லை என்பதற்காக விலகியவருக்கு அது பொருந்தலாம். மருத்துவர் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் அவரை வெளியே எடுத்திருப்பார். ஆனால் குமட்டலாலும் தூக்கம் கெட்டதாலும் மருந்தை நிறுத்தியவர் கதை வேறு. அவர் நான்காம் வாரத்தில் நன்றாகவே இருந்திருப்பார். மருந்து நின்ற பிறகு அவர் எங்கே போனார் என்பது அந்த மதிப்பெண்ணில் இல்லை. கார்த்திகா, விலகியவர்களின் காரணப் பட்டியல் உண்டா?

கார்த்திகா, மார்ச் 6, இரவு 8.20

உண்டு. போலி மருந்தில் விலகிய 30 பேரில் 24 பேர் முன்னேற்றம் இல்லாததால் விலகியவர்கள். மருந்தில் விலகிய 15 பேரில் 9 பேர் பக்கவிளைவால், 6 பேர் முன்னேற்றம் இல்லாததால். அந்த 9 பேரின் நான்காம் வாரச் சராசரி 16, மற்ற 6 பேருடையது 21.

ஆக, மாதிரி அந்த 9 பேரை எட்டாம் வாரத்தில் 11.0 + 0.8 × 2 = 12.6-ல் இருப்பதாகக் கொள்கிறது. மருந்தை நிறுத்தியவர்கள் மருந்து சாப்பிட்டவர்களின் வழியிலேயே இறங்கியிருப்பார்கள் என்று இதற்குப் பொருள். எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நெறியாளரின் ஐயம் வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது.

முத்துவேல், மார்ச் 6, இரவு 9.40

நந்தன் தொட்டது சரியான நரம்பு. நான் 4-ம் தேதி எழுதியதில் இதை விழுங்கிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். கலப்பு மாதிரி சொல்லும் 3.5, எல்லோரும் ஒதுக்கப்பட்ட சிகிச்சையில் எட்டு வாரமும் தொடர்ந்திருந்தால் என்ற கற்பனை உலகின் வேறுபாடு. மருந்தை நிறுத்தியவர் நிறுத்தியபடியே எட்டாம் வாரத்தில் எங்கே இருந்தார் என்பது வேறு கேள்வி. மருந்தாய்வுப் புள்ளியியலுக்கான ஐசிஎச் ஈ9 என்ற பன்னாட்டு வழிகாட்டிக்கு 2019-ல் வந்த பின்னிணைப்பு இந்தக் கேள்வியை முதலில் தீர்மானித்துவிட்டு அப்புறம் முறையைத் தேடச் சொல்கிறது. நாம் மாதிரியில் தொடங்கிக் கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். பெரும்பாலான ஆய்வேடுகள் போகும் வழியும் இதுதான்.

விலகல் காணாத மதிப்பெண்ணைச் சார்ந்ததா இல்லையா என்பதைக் கையிலுள்ள தரவைக் கொண்டு எந்தச் சோதனையாலும் அறுதியிட முடியாது. செய்யக்கூடியது, முடிவு எவ்வளவு இடி தாங்கும் என்று பார்ப்பது. மருந்தில் விலகிய 15 பேரும் மாதிரி சொல்வதைவிட இத்தனை புள்ளி மோசமாக இருந்தால் என்று ஓர் எண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள். 60 பேரில் 15 பேர் என்பதால் ஏற்றும் ஒவ்வொரு புள்ளிக்கும் வேறுபாடு கால் புள்ளி குறையும்.

கார்த்திகா, மார்ச் 8, மாலை 5.30

செய்துவிட்டேன். திட்டப்பிழை 1.3 என்பதால் வேறுபாடு ஏறத்தாழ 2.6-க்கு மேல் இருந்தால்தான் நம்பிக்கை இடைவெளி பூச்சியத்தைத் தாண்டி நிற்கிறது. 3 புள்ளி ஏற்றினால் வேறுபாடு 2.75, தாங்குகிறது. 4 புள்ளி ஏற்றினால் 2.5; விழுந்துவிடுகிறது.

இதற்கிடையே ஒன்று கிடைத்தது. பக்கவிளைவால் விலகிய 9 பேரில் 4 பேரை எட்டாம் வாரத்தில் தொலைபேசியில் அழைத்து மதிப்பெண் எடுத்திருக்கிறார்கள். படிவங்கள் கோப்பில் இருந்தன. தரவில் ஏற்றவே இல்லை. 14, 19, 17, 12. சராசரி 15.5. அந்த நால்வரின் நான்காம் வாரச் சராசரியும் 16-தான். மாதிரி எதிர்பார்த்தது 12.6. ஏறத்தாழ 3 புள்ளி மோசம். விளிம்பில் நிற்கிறேன்.

அருள், மார்ச் 8, மாலை 6.15

விளிம்பு அவ்வளவு நெருக்கம் இல்லை என்று நினைக்கிறேன். 15 பேருக்கும் ஏற்றியிருக்கிறீர்கள். முன்னேற்றம் இல்லாமல் விலகிய 6 பேருக்கு மாதிரியின் அனுமானமே பொருந்தும் என்று நந்தன் சொன்னாரே. 9 பேருக்கு மட்டும் ஏற்றினால் ஒரு புள்ளிக்கு 0.15-தான் குறையும். 3 புள்ளி ஏற்றினாலும் வேறுபாடு 3.05. ஆறு புள்ளி வரை தாங்கும்.

முத்துவேல், மார்ச் 8, இரவு 7.00

அருளின் கணக்கு சரி. ஆனால் அந்த 6 பேரும் மருந்தை நிறுத்தியவர்களே. அவர்களுக்கு ஏற்றக்கூடாது என்பது தரவு சொன்னதல்ல, நாம் முடிவுசெய்தது. இரண்டையும் அட்டவணையில் காட்டுங்கள்.

நந்தன், மார்ச் 8, இரவு 8.45

அந்த நான்கு எண்களைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஹாமில்டன் அளவுகோலில் நோயாளியின் நடை, பேச்சின் மந்தம், பதற்றம் எல்லாம் நேரில் பார்த்துப் போடும் மதிப்பெண்கள். தொலைபேசியில் எடுத்தவர் அவற்றை எப்படிப் போட்டார்? அழைப்பை எடுத்த நால்வர் எடுக்காத ஐவரைப் போன்றவர்களா? எடுக்க முடியாத அளவுக்குச் சோர்ந்திருந்தவர்கள்தான் அந்த ஐவரோ என்னவோ.

கார்த்திகா, மார்ச் 11, காலை 10.30

நெறியாளரிடம் கைக்கணக்கைக் காட்டினேன். 21-க்கும் 15-க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்ததும் அனோவாவைக் கைவிட ஒப்புக்கொண்டார். முதன்மை முடிவாக 3.5 இருக்கும், இது சிகிச்சையைத் தொடர்ந்திருந்தால் என்ற கேள்விக்கான விடை என்று அதே வரியில் எழுதப்போகிறேன். 15 பேருக்கு ஏற்றிய அட்டவணையும் 9 பேருக்கு ஏற்றிய அட்டவணையும் அடுத்தடுத்து வரும்.

தொலைபேசி மதிப்பெண்களைத்தான் எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. மாதிரிக்குள் சேர்க்க வேண்டும் என்கிறார் அவர். நந்தன் எழுதியதைப் படித்த பிறகு எனக்குக் கை வரவில்லை. படிவங்களில் நேரில் பார்த்துப் போட வேண்டிய கூறுகள் வெற்றாக விடப்பட்டிருக்கின்றனவா, பூச்சியம் போடப்பட்டிருக்கின்றனவா என்று இன்று மாலை பார்க்கப்போகிறேன்.

நந்தன், மார்ச் 11, காலை 11.05

பூச்சியம் என்றால் உண்மையான சராசரி 15.5-ஐவிட மேலே இருக்கக்கூடும். பார்த்ததும் எழுதுங்கள்.